மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? நெல் வயலின் தண்ணீர்க் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரத்தநாடு பக்கம் போர் தண்ணீரில் குறுவை வைக்கிற சாகுபடிக்காரர்களோடு பேசும்போதெல்லாம் இந்தச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மேட்டூர் திறப்பதற்கு முன்பே நாற்று விடுபவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணி வைக்க எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடணும்?

மூன்று எண் தெரிந்தால் சொல்லிவிடலாம். வயல் எத்தனை ஏக்கர், எத்தனை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும், மோட்டார் வினாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது. அப்புறம் இதுதான் கணக்கு:

```
மணி நேரம் = 11.24 × ஏக்கர் × செ.மீ. ÷ (வினாடிக்கு லிட்டர்)
```

நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் 5 செ.மீ.யை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் ஏக்கருக்கு 11¼ மணி நேரம் ஆகும். 10 லிட்டர் தள்ளினால் அதில் பாதி, 5 மணி 37 நிமிடம். 11.24 என்பதை 11¼ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், வயல் வரப்பில் நின்றே போட்டுவிடலாம்.

இந்த 11¼ எங்கேருந்து வந்துச்சு?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. உயரம் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கர் முழுக்க 1 மி.மீ. நிற்க 4,047 லிட்டர் வேண்டும், 1 செ.மீ. நிற்க 40,470 லிட்டர். வினாடிக்கு 1 லிட்டர் தள்ளும் மோட்டார் ஒரு மணி நேரத்தில் 3,600 லிட்டர் தரும். 40,470-ஐ 3,600-ஆல் வகுத்தால் 11.24.

ஏக்கருக்கு 5 செ.மீ. என்றால் 2 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் என்று வைத்தால் 17 லாரி. வயலில் இரண்டரை விரற்கடை ஆழத்தில் நிற்கும்போது கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிகிற தண்ணீர்தான் அது.

எங்க ஊர்ல மா கணக்குதான். ஏக்கருக்கு மாத்தணுமா?

மாற்ற வேண்டியதில்லை. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அப்படிப் பார்த்தால் மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 11¼-க்குப் பதிலாக 3¾ போட்டுக்கொள்ளுங்கள், மீதி அப்படியே. ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்க் குழி 144 சதுர அடி இல்லையென்றால் பட்டாவில் உள்ள பரப்பையே எடுத்துக்கொள்வது நல்லது. சென்ட்டில் இருந்தால் 100-ஆல் வகுத்து ஏக்கராக்கிக்கொள்ளுங்கள். வரப்பும் வாய்க்காலும் போக நிகரமாக நடவு உள்ள பரப்பைப் போட்டால் இன்னும் சரியாக வரும்.

மோட்டார் வினாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்ணீர் குறைவாக வருகிற போருக்கு டிரம் போதும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று செல்போனில் பாருங்கள். 40 வினாடி என்றால் வினாடிக்கு 5 லிட்டர். டிரம் விளிம்பு வரை 200-க்கும் மேல் பிடிக்கும், அதனால் முதலில் ஒரு தடவை குடத்தால் அளந்து ஊற்றி 200 லிட்டர் எங்கே நிற்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

மூன்று அங்குலக் குழாயில் நிறைந்து விழும் தண்ணீரை டிரம்மில் பிடித்தால் பாதி வெளியே தெறிக்கும். அதற்குத் தொட்டிதான் சரி. என் தொட்டி உள்ளளவில் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். வெளிமடையை ஈரச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு 30 செ.மீ. மேலே இன்னொரு கோடு போட்டேன். கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குத் தண்ணீர் ஏற 3 நிமிடம் 20 வினாடி, அதாவது 200 வினாடி ஆனது. 2.5 × 2 × 0.3 = 1.5 கன மீட்டர், அதாவது 1,500 லிட்டர். 200-ஆல் வகுத்தால் வினாடிக்கு 7.5 லிட்டர். இந்த 7.5-ஐ ஞாபகம் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

7.5 எச்.பி. மோட்டார்னு சொன்னா போதாதா? எதுக்கு அளக்கணும்?

போதாது. எச்.பி. என்பது மோட்டாரின் பலம். அந்தப் பலம் எவ்வளவு தண்ணீரைத் தூக்கும் என்பது எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. பம்பின் திறன் பாதி (50 சதவீதம்) என்று வைத்துக்கொண்டால், 5 எச்.பி. மோட்டார் 25 மீட்டர் ஏற்றத்தில் வினாடிக்கு 7.5 லிட்டர் தரும். அதே பலத்தை 50 மீட்டருக்குச் செலவிட்டால் 3¾ லிட்டர்தான். ஏற்றம் இரட்டித்தால் தண்ணீர் பாதி. ஏற்றம் என்பதில் நீர்மட்டத்தின் ஆழம் மட்டும் இல்லை, குழாயிலும் முழங்கையிலும் ஏற்படும் உராய்வும் சேர்ந்ததுதான் அது.

பம்பின் தகட்டில் ஒரு டிஸ்சார்ஜ் எண் போட்டிருக்கும். அது குறிப்பிட்ட ஒரு ஏற்றத்தில், சரியான வோல்டேஜில், புதுப் பம்புக்கு வரும் அளவு. மின்னழுத்தம் குறைந்த நாளிலும், மணல் தேய்த்த இம்பெல்லரிலும் அந்த எண் வராது. அந்த எண் நிமிடத்துக்கு லிட்டரா, வினாடிக்கு லிட்டரா, மணிக்குக் கன மீட்டரா என்றும் பாருங்கள். வினாடிக்கு 1 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 60, மணிக்கு 3.6 கன மீட்டர்.

போர் போட்டப்ப மூணு இன்ச் தண்ணின்னு சொன்னாங்க. மூணு இன்ச் குழாய் முழுக்க வரும்னு நினைச்சேன், வரலை. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, இரண்டு வேறு இன்ச்சுகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. போர் போடும்போது தண்ணீரை ஒரு தகரப் பெட்டியில் விட்டு, அதன் சுவரில் 'வி' வடிவில் வெட்டிய வாய் வழியாக ஓடவிட்டு அளப்பார்கள். வெட்டின் அடி முனையிலிருந்து தண்ணீர் எத்தனை இன்ச் உயரம் ஓடுகிறது என்பதுதான் அந்த மூணு இன்ச். குழாயின் விட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செங்கோண வெட்டில் 2 இன்ச் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர். 3 இன்ச் 2.2 லிட்டர். 4 இன்ச் 4.5 லிட்டர். இரண்டு இன்ச்சுக்கும் நாலு இன்ச்சுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் என்று நினைப்போம், உண்மையில் ஐந்தரை மடங்குக்கும் மேல். உங்கள் மூணு இன்ச் போர் ஏக்கருக்கு 5 செ.மீ. கட்ட, வழியில் எதுவும் வீணாகாவிட்டாலும் 25 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். எத்தனை ஏக்கர் நடுவது என்பதை முடிவு செய்ய வேண்டிய எண் இதுதான்.

காலைல போட்டதும் நல்லாத் தள்ளுது, ரெண்டு மணி நேரத்துல குறைஞ்சிடுது. எந்த அளவைக் கணக்குல போடுறது?

குறைந்த பிறகு நிலைத்து நிற்கும் அளவை. மோட்டார் ஓட ஓட போரில் நீர்மட்டம் இறங்கும், ஏற்றம் கூடும், மேலே எச்.பி. கேள்வியில் சொன்னபடி தண்ணீர் குறையும். ஒரு கட்டத்தில் ஊறி வருவதும் எடுப்பதும் சமமாகி நிலைக்கும். ஆகவே மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்து, இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் உங்கள் எண். சித்திரையில் அளந்ததும் ஐப்பசியில் அளந்ததும் ஒன்றாக இருக்காது.

திறந்த கிணறு என்றால் கதை வேறு. அங்கே மோட்டாரைவிடக் கிணறுதான் அளவைத் தீர்மானிக்கும். 6 மீட்டர் விட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் இருந்தால் 1,13,000 லிட்டர். 7.5 லிட்டர் மோட்டார் அதை நாலேகால் மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். அப்புறம் ஊற்றுதான். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 20 செ.மீ. ஏறினால் மணிக்கு சுமார் 5,650 லிட்டர், இருபத்து நாலு மணி நேரமும் அதே வேகத்தில் ஊறினாலும் ஒரு ஏக்கருக்கு 3.3 செ.மீ.தான். மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகம் குறையும் என்பதால் உண்மையில் அதுகூட வராது. இந்தக் கிணற்றில் பெரிய மோட்டார் மாட்டினால் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான்.

கணக்குப்படி 9 மணி நேரம். 9 மணி நேரம் ஓடியும் 5 செ.மீ. நிக்கலை. கணக்கு தப்பா?

கணக்கு சரி. தொட்டியில் அளந்த தண்ணீர் வயலுக்கு முழுசாக வந்து சேர்ந்து, சேர்ந்ததெல்லாம் மேலேயே நின்றால் 9 மணி நேரம். இந்த இரண்டுமே நடப்பதில்லை. என் வயலையே எடுத்துச் சொல்கிறேன். 120 சென்ட், 5 செ.மீ. வேண்டும், தொட்டியில் 7.5 லிட்டர். 11.24 × 1.2 × 5 ÷ 7.5 என்றால் ஏறக்குறைய 9 மணி நேரம் வரும்.

முதலில் வாய்க்கால். தொட்டியிலிருந்து வயல் மடை வரை மண் வாய்க்கால், நடுவில் ஒரு தென்னந்தோப்பு. மடைக்கு வந்து சேர்வது 6.5 லிட்டர்தான் என்று அளந்து தெரிந்துகொண்டேன் (எப்படி அளந்தேன் என்பது அடுத்த பதிலில்). 7.5 இருந்த இடத்தில் 6.5 போட்டால் 9 மணி நேரம் 10 மணி 23 நிமிடமாகிறது.

அடுத்தது வயலே குடிப்பது. தண்ணீர் கட்டியிருக்கும் நாளில் எல்லா மடையையும் அடைத்துவிட்டு, செ.மீ. அளவு குறித்த ஒரு குச்சியை ஊன்றி, காலை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு மறுநாள் ஆறு மணிக்குப் பார்த்தேன். 12 மி.மீ. இறங்கியிருந்தது. கீழே கசிந்தது, வெயிலில் போனது, பயிர் குடித்தது, வரப்பில் நண்டு வளை வழியாகப் போனது எல்லாம் சேர்ந்து 12 மி.மீ. 120 சென்ட் பரப்பில் அது நாளைக்கு 58,000 லிட்டருக்கு மேல், அதாவது வினாடிக்கு 0.67 லிட்டர். மோட்டார் ஓடும்போதும் இந்த ஒழுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே வயலில் சேர்வது 6.5-லிருந்து 0.67 போக 5.83 லிட்டர். அதை வகுத்தால் 11 மணி 35 நிமிடம். ஒன்பது என்று ஆரம்பித்தது பதினொன்றரைக்கு வந்து நிற்கிறது. அன்றைக்கு வயலிலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆனது.

வாய்க்கால்ல எவ்வளவு போகுதுன்னு எப்படி அளந்தீங்க? வயல்ல தொட்டி இல்லையே?

சின்ன வயலே தொட்டி. மடைக்குப் பக்கத்தில் 10 சென்ட் துண்டு ஒன்று உண்டு, ஓரளவு சமமான தளம். ஏற்கெனவே சேறாகி, மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கிற நாளாகப் பார்த்து, வரப்பைச் சுற்றி வந்து வளைகளை மிதித்து அடைத்தேன். நாலு மூலையிலும் நடுவிலும் அளவுக் குச்சி ஊன்றி, தண்ணீர் விட்டு 3 செ.மீ. ஏற எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். 31 நிமிடம். 10 சென்ட் 404.7 சதுர மீட்டர், 30 மி.மீ.யால் பெருக்கினால் 12,141 லிட்டர். 1,860 வினாடியில் வகுத்தால் வினாடிக்கு 6.5 லிட்டர்.

அரை மணி நேரத்தில் வயல் குடிப்பது அற்பம் என்பதால் அதை விட்டுவிடலாம். ஆனால் காய்ந்து வெடித்த வயலில் இதைச் செய்யாதீர்கள், வெடிப்பு குடிக்கிற தண்ணீரையும் வாய்க்காலின் தலையில் போட்டுவிடுவோம். வாய்க்காலும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த வாய்க்காலில் முதல் அரை மணி நேரம் தண்ணீர் வாய்க்காலுக்கே போகும்.

ரெண்டு லிட்டர்தான் வருது. மூணு ஏக்கர்ல ராத்திரி பகலா விடுறேன், தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ஏன்?

வினாடிக்கு 2 லிட்டர் என்பது நாளைக்கு 1,72,800 லிட்டர். மூன்று ஏக்கரில் பரப்பினால் 14 மி.மீ.தான். உங்கள் வயல் நாளைக்கு 15 மி.மீ. இழுக்கிற மண்ணாக இருந்தால், ஒரு வாரம் ஓடினாலும் மேலே நிற்காது. முதல் சூத்திரம் இதைக் காட்டாது, அது 84 மணி நேரம் என்று ஒரு பதிலைக் கொடுத்துவிடும். மேலே என் வயலுக்குப் போட்டபடி ஒழுக்கைக் கழித்துப் பார்த்தால்தான் மிச்சமே இல்லை என்று தெரியும்.

மூன்று ஏக்கரையும் ஒன்றாகத் திறந்துவிடாமல் ஒரு ஏக்கரை மட்டும் பிடியுங்கள். அங்கே அதே 2 லிட்டர் நாளைக்கு 42 மி.மீ. கொடுக்கும், 15 போனாலும் 27 மி.மீ. ஏறும். இரண்டு நாளுக்குள் 5 செ.மீ. கட்டிவிட்டு அடுத்த ஏக்கருக்குப் போகலாம். ஆனால் சுற்றி வருவதற்குள் முதல் ஏக்கர் காய்ந்திருக்கும். இந்தத் தண்ணீருக்கு மூன்று ஏக்கர் நெல் அதிகம் என்பதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஏக்கர் நெல், மீதியில் உளுந்து என்று போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் பயிர் கடைசிவரை வாடவில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலுமா பண்றேன். குழாய்ல தண்ணி 15 செ.மீ. கீழே இருக்கு, மேலே 5 செ.மீ. வேணும். அப்ப 20 செ.மீ.க்கு மோட்டார் போடணுமா?

வேண்டாம். நீர்மட்டம் பார்க்க வயலில் புதைத்த குழாய்க்குள் தெரிகிற 15 செ.மீ. வெற்றிடம் வயலில் அப்படி வெற்றிடமாக இல்லை. அங்கே மண் இருக்கிறது, அந்த மண்ணின் இடுக்குகளில் பெரும்பங்கு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. வடிந்துபோன இடுக்குகளை நிரப்பினால் போதும். என் வயலில் அந்த 15 செ.மீ.யை நிரப்ப 1.5 செ.மீ. அளவு தண்ணீர்தான் பிடித்தது. ஆக 6.5 செ.மீ.க்குக் கணக்குப் போடுகிறேன்.

உங்கள் மண்ணுக்கு இது மாறும், கண்டுபிடிப்பது எளிது. மோட்டார் போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஏறி வெளியே தரைமட்டத்துக்கு வந்த நேரத்தையும் குறியுங்கள். அந்த இடைவெளி மணி நேரத்தைச் சூத்திரத்தில் திருப்பிப் போட்டால் எத்தனை செ.மீ. குடித்தது என்று வந்துவிடும். மண் வெடித்துப் பிளக்கும் வரை விட்டுவிட்டால் இந்த எண் எகிறிவிடும், ஏனென்றால் வெடிப்பு வழியே தண்ணீர் கடினப்படுகையையும் தாண்டி இறங்கும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது, அந்த நாட்களில் 5 செ.மீ. நிற்கட்டும்.

வயல் ஒரு பக்கம் மேடு. 5 செ.மீ.ன்னா எங்க அளக்கிறது?

சூத்திரத்தில் வருவது சராசரி. ஒரு மூலையில் 1 செ.மீ., எதிர் மூலையில் 9 செ.மீ. இருந்தாலும் சராசரி 5தான், மோட்டார் ஓடும் நேரமும் அதேதான். ஆனால் மேட்டுப் பக்கம் களை முளைக்கும், பள்ளத்தில் இளம் பயிர் மூழ்கும். மேடு நனைய வேண்டும் என்று கூடுதலாக விடும் ஒவ்வொரு செ.மீ.க்கும், 7.5 லிட்டர் மோட்டாரில் ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் போகிறது. ஒரு போகத்தில் இருபது தண்ணீர் வைத்தால் முப்பது மணி நேரம். லேசர் லெவலருக்குக் கொடுக்கும் வாடகையை இந்த முப்பது மணி நேரத்தோடு வைத்துப் பாருங்கள்.

முதல் தண்ணி, சேறு கலக்க விடுற தண்ணிக்கும் இதே கணக்கா?

சூத்திரம் அதேதான், செ.மீ. வேறு. காய்ந்த நிலத்தை ஊறவைத்துச் சேறாக்கி நடவுக்குத் தயார் செய்ய 15 முதல் 25 செ.மீ. வரை ஆகும். 6.5 லிட்டர் வந்து சேரும் என் வயலில் ஏக்கருக்கு 20 செ.மீ. என்றாலே 34½ மணி நேரம். கோடை மழைக்குப் பின் ஒரு உழவு போட்டு வெடிப்பை மூடிவிட்டவர்களுக்கு இது நன்றாகவே குறைகிறது.

கடலைக்கும் கரும்புக்கும் இது பொருந்துமா? அங்க தண்ணி நிக்காதே.

பொருந்தும். அங்கே 5 செ.மீ. என்பது நிற்கும் உயரம் இல்லை, முழுப் பரப்பிலும் பரப்பினால் எவ்வளவு வருமோ அந்த அளவு தண்ணீர். பாரில் மட்டும் ஓடினாலும் பரப்பை முழுசாகவே எடுங்கள். எத்தனை செ.மீ. என்பதை மண்ணும் வேரின் ஆழமும் சொல்ல வேண்டும். மணற்பாங்கான செம்மண்ணில் கடலைக்கு ஒரே தடவையில் 5 செ.மீ. விட்டால் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே குறைவாகவும் அடிக்கடியும் விடுவதுதான் சரி.

மணிக்கு இவ்வளவுன்னு பக்கத்து போர்ல தண்ணி வாங்குறேன். ஒருத்தர் ஐம்பது ரூபாய் கேக்குறார், ஒருத்தர் எழுபத்தஞ்சு. ஐம்பது லாபம்தானே?

தண்ணீரை அளக்காமல் சொல்ல முடியாது. உங்கள் கேள்வியில் உள்ள தொகையையே வைத்துப் பார்ப்போம். ஐம்பது ரூபாய்க்காரர் போரில் 4 லிட்டர், எழுபத்தைந்து ரூபாய்க்காரர் போரில் 7 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். ஏக்கருக்கு 5 செ.மீ. கட்ட முதலாமவரிடம் 14 மணி நேரம், ஏறக்குறைய 700 ரூபாய். இரண்டாமவரிடம் 8 மணி நேரம், 600 ரூபாய். கூடவே 6 மணி நேரம் மடை பார்க்கும் வேலை மிச்சம், அந்த நேரத்தில் வயல் குடிப்பதும் மிச்சம். அளக்க வேண்டியது அவர்கள் தொட்டியில் இல்லை, உங்கள் மடையில்.

நடுவுல மழை பெஞ்சா எவ்வளவு கழிக்கிறது?

நெல் வயலில் வரப்பைத் தாண்டி வழியாத மழை அப்படியே கணக்கில் சேரும். 20 மி.மீ. பெய்தால் 2 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். என் 120 சென்டுக்கு அது நாலு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடாமல் மிச்சம். மழைமானி இல்லையென்றால், பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து உள்ளே ஸ்கேல் விட்டுப் பாருங்கள். வாய் அகன்ற பாத்திரம் பொய் சொல்லும்.

மும்முனை கரண்ட் ஒரு தடவைக்கு ஆறு மணி நேரம்தான். பதினொன்றரை மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

நேரத்தைப் பிரிக்காமல் வயலைப் பிரியுங்கள். நான் 120 சென்டையும் திறந்து வைத்து ஆறு மணி நேரம் விட்டபோது 2.6 செ.மீ. ஏறியது. அடுத்த கரண்ட் வருவதற்குள் 18 மணி நேரத்தில் 9 மி.மீ. இறங்கிவிட்டது. மறுநாள் ஆறு மணி நேரம் ஓட்டியும் 4.3 செ.மீ.க்கு மேல் வரவில்லை. வயலில் எந்தப் பக்கமும் 5 செ.மீ.யைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் நடுவில் ஒரு குறுக்கு வரப்பு போட்டேன், 60 சென்ட், 60 சென்ட். ஒரு பாதிக்குத் தேவை 1,21,400 லிட்டர். அந்தப் பாதி குடிப்பது வினாடிக்கு 0.34 லிட்டர்தான், ஆகவே சேர்வது 6.16. வகுத்தால் 5 மணி 28 நிமிடம், கரண்ட் நேரத்துக்குள் முடிகிறது. மறுநாள் அடுத்த பாதி. முதல் பாதி அதற்குள் 12 மி.மீ. இறங்கியிருக்கும், அது எப்படியும் இறங்குவதுதான். இரண்டு பாதிக்கும் தண்ணீர் நாள் ஒரு நாள் தள்ளி வரும், உரம் போடும் நாளையும் அதே மாதிரி தள்ளிக்கொள்கிறேன். மீதி அரை மணி நேரம் வாய்க்கால் நனையவும், நடுவில் கரண்ட் போய் வந்தால் ஈடுகட்டவும் சரியாகப் போய்விடுகிறது.